பென்சிலில் எழுதிய டி

கோப்பைத் திறந்ததும் எனக்குச் சுருக்கென்றது. 'மண் பிரிவு' என்ற கட்டத்தில் நான் நீல மையில் எழுதிவைத்திருந்த 'பி'யின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் பென்சிலால் 'டி'. கையெழுத்து இல்லை, தேதி இல்லை. ஆனால் அந்த டி-யின் வயிறு தொப்பை போட்டிருந்த விதமே சொல்லிவிட்டது, இது எங்கள் ஓவர்சியரின் வேலை என்று.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோவையில் ஒரு நீர்ப்பிடிப்பு மேம்பாட்டு அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான். சந்தேகம் என் பிறவிக்குணம். மதுக்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். கண்டக்டர் கொடுக்கும் சில்லறையை இரண்டு தடவை எண்ணுவேன், டிக்கெட்டின் நம்பரையும் பார்ப்பேன். "இவன் தன் நெழல் கூட வருதான்னு திரும்பித் திரும்பிப் பாக்கறவன்" என்று என் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அதில் வெட்கம் கிடையாது. அரசாங்க வேலையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருக்காவிட்டால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்பது என் கட்சி.

அந்தக் கோப்பு, அன்னூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் நாங்கள் கட்டப்போகும் குட்டையைப் பற்றியது. மேலே எண்பது ஹெக்டேர் சரிவு, அத்தனையும் சோளமும் பருத்தியும் போடும் கருமண் காடு. அதில் விழும் மழை வந்து சேரும் பள்ளத்தில் ஒரு மண்கரை. குட்டை நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வெளியேற, கரையின் இடது ஓரத்தில் கல்கட்டில் ஒரு கலிங்கு. கலிங்கு எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி.

அதற்கு, பெரிய மழை ஒன்று பெய்தால் அந்தச் சரிவு எவ்வளவு தண்ணீரைக் குடிக்கும், எவ்வளவைக் கீழே துப்பும் என்று தெரிய வேண்டும். எங்கள் கைப்புத்தகத்தில் மண்ணை நாலாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மணலைப்போல மடக்மடக்கென்று குடிப்பது ஏ. ஓரளவு குடிப்பது பி. மெதுவாகக் குடிப்பது சி. களியாகி வாயை மூடிக்கொள்வது டி. இந்த எழுத்தையும், மேலே என்ன பயிர் என்பதையும் வைத்து ஒரு பட்டியலில் 'கர்வ் நம்பர்' பார்க்க வேண்டும். நேர்சாலில் உழுத காட்டுக்குப் பி என்றால் எண்பத்தாறு, டி என்றால் தொண்ணூற்று மூன்று. நம்பர் ஏற ஏற வழிந்தோடும் தண்ணீரும் ஏறும்.

ஏழுதானே வித்தியாசம் என்று தோன்றும். நூறு மில்லிமீட்டர் மழை பெய்தால் பி-யில் சுமார் அறுபது மில்லிமீட்டர் ஓடும். டி-யில் எண்பதை ஒட்டி ஓடும். எண்பது ஹெக்டேருக்கு அந்த இருபது மில்லிமீட்டரைக் கணக்குப் போட்டால், ஆயிரம் டேங்கர் லாரிக்கு மேல். பி-க்கு ஒன்பது மீட்டர் கலிங்கு போதும், அது பள்ளத்துப் புறம்போக்கிலேயே அடங்கிவிடும். டி-க்குப் பன்னிரண்டு மீட்டர் வேண்டும். கூடுதலான அந்தப் பத்தடி, பக்கத்துத் தோட்டத்துக்குள் போகும்.

அந்தப் பத்தடிக்குள் ஒரு கிணறு இருந்தது.

கிணறு ஒரு விதவை அக்காவுடையது. நாற்பது வயதிருக்கும். ஒன்றரை ஏக்கர் தோட்டம், இரண்டு மாடு, தக்காளி, கொஞ்சம் தீவனச்சோளம். அத்தனைக்கும் அந்த ஒரு கிணறுதான். கோடையிலும் நாலடி தண்ணீர் நிற்கும். கிணறு போனால் அவள் விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். வாங்குவதற்கு ஆளும் தயாராக இருந்தார். மேலே கருமண் காட்டில் பெரும்பங்கு வைத்திருந்த ஒரு பெரிய தோட்டக்காரர், நாலு வருஷமாக அந்த ஒன்றரை ஏக்கரைக் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் யார் தெரியுமா? எங்கள் ஓவர்சியரின் மச்சான். ஓவர்சியரின் தங்கையைக் கட்டியவர்.

இப்போது சொல்லுங்கள், அந்தப் பென்சில் டி-யைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

நான் சும்மா பி என்று எழுதவில்லை. சித்திரை முதல் வாரத்தில் அதே கருமண் காட்டில், நானே நின்று வளையம் வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்பு வளையங்களை மண்ணில் நாலு விரல் ஆழம் அடித்து இறக்கி, இரண்டிலும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, உள்வளையத்தில் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலில் பார்த்துக் குறிப்பதுதான் வேலை. வெளிவளையத் தண்ணீர் பக்கவாட்டில் போகும்; உள்வளையத் தண்ணீர் நேரே கீழே இறங்கும். அப்படித்தான் புத்தகம் சொன்னது.

எங்கள் அலுவலகத்தில் அந்த வளையங்கள் கோடையில் மட்டும்தான் அறையை விட்டு வெளியே வரும். அறுவடை முடிந்து காடு காலியாக இருக்கும், ஜீப் உள்ளே போகும், பயிரை மிதித்துவிட்டீர்கள் என்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். மழைக்காலத்தில் அவரவர் மேசைக்கடியில் வளையம் துருப்பிடித்துக் கிடக்கும். எங்கள் வேலையில் முக்கால்வாசி செம்மண் பூமியில் நடந்ததால், இந்தப் பழக்கத்தால் பெரிதாக எதுவும் கெட்டதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். நானும் செய்தேன்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. கருமண் முழுக்க வெடித்துக் கிடந்தது. சில வெடிப்புகளில் என் கை மணிக்கட்டு வரை போனது. வெடிப்பு இல்லாத இடமாகத் தேடிப்பிடித்து வளையத்தை இறக்கினோம். ஓவர்சியர்தான் சம்மட்டி பிடித்தார். ஐம்பது வயது, கட்டை உருவம், காதோரம் எப்போதும் ஒரு பென்சில். தண்ணீர் கொடுத்தது அந்த அக்காதான், அவள் கிணற்றிலிருந்து. மாட்டுவண்டியில் நாலு பிளாஸ்டிக் டிரம்மில் கொண்டுவந்தோம்.

தண்ணீர் நிற்கவே இல்லை. ஊற்ற ஊற்ற மாயமாக மறைந்தது. முதல் அரைமணியில் ஒரு டிரம் காலி. இரண்டு மணி நேரம் கழித்தும் மணிக்கு மூன்று சென்டிமீட்டர் கணக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் ஏ-க்கு மணிக்கு ஏழரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலே போதும். இதுவோ அதைப்போல நாலு மடங்கு. நாலாவது டிரம்மும் தீர்ந்ததும் வளையத்தைப் பிடுங்கிவிட்டோம்.

"ஏனுங்கக்கா, இந்த மண்ணு எப்பவும் இப்பிடித்தான் தண்ணி குடிக்குமா?" என்று அவளைக் கேட்டேன்.

"ஆமாங்க சார். கோடைல எவ்வளவு உட்டாலும் குடிச்சுப்போடுமுங்க" என்றாள். கோடையில் என்ற வார்த்தை அன்றைக்கு என் காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை.

அப்புறம் ஆய்வுக்கூடத்திலிருந்து மண் அறிக்கை வந்தது. நூற்றுக்குப் பாதிக்கு மேல் களி. அந்த ரகத்தைப் பார்த்தால் நேராக டி-க்குத்தான் போக வேண்டும். வளையம் ஏ என்கிறது, ஆய்வுக்கூடம் டி என்கிறது. எனக்கு என்ன தோன்றியிருக்கும்? மண் மாதிரிப் பையை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனவர் ஓவர்சியர். வழியில் பையை மாற்றியிருப்பார்! எங்காவது குளத்து வண்டலை அள்ளிப் போட்டிருப்பார்! சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பையின் கயிற்றில் நான் போட்ட முடிச்சு இதுதானா என்று யோசித்துக்கொண்டு ஒரு நாள் தூங்காமல்கூடக் கிடந்தேன்.

கடைசியில், கண்ணால் பார்த்ததை நம்பாமல் காகிதத்தை நம்புவதா என்று வளையத்தின் பக்கம் சாய்ந்தேன். ஏ என்று போட்டால் அதிகம் என்று தோன்றியது. அதனால் ஒரு படி இறங்கி பி என்று எழுதினேன். நடுநிலை வகிப்பதாக எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். இரண்டு அளவுகள் முட்டிக்கொண்டால் ஏன் முட்டுகின்றன என்று பார்க்க வேண்டுமே தவிர, நடுவில் கோடு கிழிக்கக் கூடாது. அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவரையும் சந்தேகப்பட்டிருப்பேன்.

பென்சில் டி-யைப் பார்த்த அன்றைக்கே அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்க சார். உங்களப் பாத்துச் சொல்லோணும்னுதான் பென்சில்ல எழுதிப்போட்டேன். நீங்க லீவுல இருந்தீங்க."

"என் எழுத்து மேல கோடு போட உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

"கோடு போட்டது தப்புத்தானுங்க" என்று அவர் ஒத்துக்கொண்டார். "ஆனா சார், நாம பாத்தது மண்ணு குடிச்ச தண்ணி இல்லீங்க. வெடிப்புல எறங்கின தண்ணி. கருமண்ணு நனைஞ்சு வீங்கி, வெடிப்பெல்லாம் மூடிக்கிட்டதுக்கப்பறந்தான் அது எவ்வளவு குடிக்குதுன்னு பாக்கோணுங்க."

"வெடிப்பை விட்டுத்தானே வளையத்தை அடிச்சோம்? சம்மட்டி புடிச்சது நீங்கதானே?"

"மேல தெரிஞ்ச வெடிப்பத்தானுங்க உட்டோம். உள்ளுக்குள்ள இருக்கறது ஆருக்குத் தெரியும்? ஐப்பசில நாலு மழ பேயட்டும். வளையத்த அங்கயே வெச்சுப் பாப்பமுங்க. அதுவரைக்கும் டி-னே இருக்கட்டும்."

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர் ஏற்கெனவே ஒத்திகை பார்த்திருப்பார் என்று நினைத்தேன். ஐப்பசி வரை பொறுத்தால் வேலைக்கு ஒதுக்கிய காலம் போய்விடும், அதுவும் அவருக்குத் தெரியும்.

"அங்க நெலம் வெச்சிருக்கறவர் உங்க மச்சான்தானே?" என்று கேட்டே விட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. காதோரப் பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். "மச்சான்தானுங்க. அதுக்கும் மண்ணுக்கும் என்னுங்க சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் கிராமத்துக்குப் போனபோது அந்த அக்கா வாசலுக்கு ஓடி வந்தாள். ஓவர்சியர் வந்து போயிருக்கிறார். கிணறு கலிங்குக்குள் போய்விடும், அதற்குப் பதிலாக மேட்டுப் பக்கம் புதுக்கிணறு வெட்டித் தந்த பிறகுதான் கைவைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். அவள் கண் வீங்கிப் போயிருந்தது.

"எழுதிக் குடுத்தா வெட்டிப்போடுவாங்களா சார்? எங்கூட்டுக்காரரு செத்து ஏழு வருசமாச்சுங்க. விதவப் பென்சனுக்கே இன்னும் நான் ஆபீசுக்கு நடந்துக்கிட்டிருக்கறேன். இந்தக் கெணறும் போச்சுன்னா நான் மாட்டப் புடிச்சுக்கிட்டு எங்கீங்க போவேன்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. "அக்கா, கெணறு எங்கயும் போகாது. நான் பாத்துக்கறேன்" என்றேன். அன்றைக்கு அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, பெரிய வீரனைப்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். சரவணம்பட்டி தாண்டுவதற்குள் மனசுக்குள் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன்.

ஒரே பக்கக் கடிதம். இன்னாருக்கு இன்னார் உறவு, வேலை நடக்கும் இடத்தில் உறவினருக்கு நில அக்கறை உண்டு, ஆவணத்தில் அனுமதியின்றித் திருத்தம் செய்யப்பட்டுள்ளது. பொய் ஒன்றுமில்லை, ஒவ்வொரு வரியும் உண்மை. மேலதிகாரி படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஓய்வுபெற ஒரு வருஷம் பாக்கி இருந்தவர், அவருக்குத் தலைவலி வேண்டாம். ஓவர்சியரைப் பொள்ளாச்சிப் பக்கம் மாற்றினார். என் பி-யில் கையெழுத்துப் போட்டார். ஓவர்சியர் போகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என் மேசைக்கும் வந்து, "வாரேனுங்க சார்" என்றார். நான் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றேன்.

ஆவணிக்குள் கரை எழும்பியது. ஒன்பது மீட்டர் கலிங்கு, புறம்போக்குக்குள் அச்சாக அடங்கியது. கிணற்றுக்கும் கலிங்குச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற அளவு இடம் விட்டிருந்தோம். பெரிய தோட்டக்காரர் ஒரு நாள் வந்து கரைமேல் நின்று பார்த்தார். "நல்லாத்தான் கட்டியிருக்கறீங்க" என்றார். அதிலும் நான் வேறு ஏதோ அர்த்தம் தேடினேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விட்டுவிட்டுத் தூறல், ஐந்தாம் நாள் மத்தியானம் ஒரு மழை. அன்று மாலையே அலுவலகத்துக்குப் போன் வந்துவிட்டது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன்.

கரையின் நடுப்பகுதி உடையாமல் நின்றிருந்தது. கலிங்கு கொள்ளாத தண்ணீர் இடது ஓரத்தில் மேலேறி, சுவருக்குப் பக்கத்து மண்ணை அரித்துக்கொண்டு, நேராகக் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. கிணற்றின் ஒரு பக்கச் சுவர் முழுசாகச் சரிந்து உள்ளே கிடந்தது. மோட்டார் எங்கே என்றே தெரியவில்லை. கிணறு இருந்த இடத்தில் கருப்பாக ஒரு சேற்றுக் குழி. தக்காளிச் செடிகள் படுத்துக் கிடந்தன. நல்லவேளை, மாடுகளை முன்பே அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டியிருந்தாள்.

அவள் சேற்றின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஏனுங்க சார், கெணறு எங்கயும் போகாதுன்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

பெரிய தோட்டக்காரர் ஆட்களையும் ஒரு டீசல் பம்பையும் கொண்டுவந்து சேற்றை இறைத்துக்கொண்டிருந்தார். இறைத்துக்கொண்டே, "ஏன் அம்மணி, இன்னும் இத வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே? சொன்னாக் கேளு" என்று அவளிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. அந்த ஆளைப் பற்றி நான் சந்தேகப்பட்டது தப்பில்லை. ஆளைத்தான் சரியாகப் பிடித்தேன்; மண்ணைக் கோட்டைவிட்டேன்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மழைக் கணக்கை வாங்கிப் பார்த்தேன். நான் கலிங்குக்கு எடுத்துக்கொண்ட மழையைவிட இது குறைவு. குறைந்த மழைக்கே கூடுதல் தண்ணீர் வந்திருக்கிறது என்றால், வந்த இடம் ஒன்றுதான்: மேலே சரிவு. அந்தச் சரிவு நான் எழுதினபடி குடிக்கவில்லை.

மேசைக்கடியிலிருந்து வளையங்களை இழுத்தேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "மழைல வளையமா? ஏனுங்க, உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றார்.

யாரைத் துணைக்குக் கூப்பிடுவது? இரண்டு நாள் யோசித்துவிட்டு, வெட்கத்தை மென்று விழுங்கிக்கொண்டு பொள்ளாச்சி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஓவர்சியர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "ஞாயித்துக்கெழம வாரேனுங்க" என்றார்.

வந்தார். அதே காடு, சித்திரையில் வளையம் வைத்த அதே வரப்போரம். வெடிப்பு ஒன்றைக்கூடக் காணோம். கை மணிக்கட்டு வரை போன இடமெல்லாம் தைத்து மூடியதுபோல மூடியிருந்தது. நாலடி நடப்பதற்குள் என் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொண்டது. வளையம் சம்மட்டி இல்லாமலே இறங்கியது. ஒரே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம்.

உட்கார்ந்து பார்த்தோம். அரைமணி ஆனது. அளவுகோலில் தண்ணீர் அசையவில்லை. அளவுகோல் பழுதோ என்று எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தேன், என் புத்தி எங்கே போகும்! ஒரு மணி நேரம் முடிந்தபோது ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கியிருக்கவில்லை. டி-க்கும் கடைசி டி.

ஓவர்சியர் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் அழுத்தி நாடாவாக நீட்டினார். இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டும் அது அறுந்து விழாமல் தொங்கியது. அதை என் பக்கம் நீட்டினார். ஆய்வுக்கூடத்து அறிக்கை என் கண்முன்னால் அவர் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மாற்றிவிட்டார் என்று நான் சந்தேகப்பட்ட பை, நான் முடிச்சுப் போட்ட பையேதான்.

"அன்னைக்கு நீங்க மண்பைய மாத்திட்டீங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வந்தது, நன்றாகவே தெரிந்தது. "நாப்பது கிலோமீட்டர் பஸ்ஸுல மடியில வெச்சுக்கிட்டுப் போனனுங்க சார் அந்தப் பைய" என்றார். வளையத்தைப் பிடுங்கி எடுத்துக் கழுவத் தொடங்கினார்.

இனி அறிக்கை எழுத வேண்டும், ஏன் உடைந்தது என்று. மேலதிகாரி என்னை உட்கார வைத்து அன்பாகவே சொன்னார்: "எதிர்பாராத கனமழைன்னு எழுதிருங்க தம்பி. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுவாங்க. யாரும் மழையக் கூப்ட்டு விசாரிக்க மாட்டாங்க." பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவன், ஒரு தடவைகூட என் அளவை நான் சந்தேகப்படவில்லை. கடைசியில் எழுதினேன்: வறண்டு வெடித்த கருமண்ணில் கோடையில் அளந்தது தவறு, ஆய்வுக்கூட அறிக்கையைப் புறக்கணித்தது தவறு, மண் பிரிவு டி, கர்வ் நம்பர் தொண்ணூற்று மூன்று, முதலில் டி என்று குறித்தவர் ஓவர்சியர். கையெழுத்தும் தேதியும் போட்டேன். அவரைத் திரும்ப மாற்றச் சொல்லி இன்னொரு கடிதமும் கொடுத்தேன். அது மட்டும் நடக்கவில்லை. மேலதிகாரிக்கு இன்னும் ஏழு மாசம் பாக்கி இருந்தது.

கலிங்கைப் பன்னிரண்டு மீட்டருக்கு அகலப்படுத்த வேண்டும். அதற்கு அந்த அக்காவின் பத்தடி வேண்டும். முதலில் மேட்டில் புதுக்கிணறு, தண்ணீர் கண்ட பிறகே பத்தடி என்று ஓவர்சியர் அன்று சொன்னபடியே ஒப்புதல் படிவத்தைத் தயாரித்தேன். அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் எருக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். நான் வரி விடாமல் படித்துக் காட்டினேன். மோர் கொடுக்கவில்லை.

அவள் படிவத்தை வாங்கி, மண் பிரிவு என்ற இடத்தில் இருந்த அந்த ஒற்றை எழுத்தின் மேல் விரலை வைத்தாள். இந்த ஆறு மாசத்தில் அந்த எழுத்துதான் தன் கிணற்றின் தலைவிதி என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்துபோயிருந்தது.

"இது நீங்க பாத்து எழுதினதுங்களா, அவரு பாத்து எழுதினதுங்களா?"

"அவரு பாத்ததுங்கக்கா" என்றேன்.

"அப்பச் சரிங்க" என்று பேனாவைக் கேட்டாள்.